கேட்காமல் வந்த வாட்ஸ்அப் ஓடிபி: என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது

நீங்கள் எதையும் தொடவில்லை. திடீரென்று ஆறு இலக்க வாட்ஸ்அப் ஓடிபி ஒன்று எஸ்எம்எஸ்ஸில் வருகிறது. பெரும்பாலானவர்கள் முதலில் கேட்பது, "இந்த மெசேஜ் போலியா?" என்றுதான். பெரும்பாலும் போலி இல்லை. வாட்ஸ்அப் அனுப்பிய நிஜமான மெசேஜ்தான். யாரோ வேறொரு போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து, உங்கள் நம்பரை அடித்து, அடுத்த பட்டனை அழுத்தியிருக்கிறார். அதனால் எழுத்துப் பிழை இருக்கிறதா, லிங்க் சரியா என்று ஆராய்ந்து பயனில்லை. இந்த ஓடிபியைக் கேட்டது நானா, இல்லையா? அதை மட்டும் பார்த்தால் போதும்.

போலியும் உண்டு, அதைக் கண்டுபிடிப்பது சுலபம். "உங்கள் கணக்கு முடக்கப்படும், ரத்து செய்ய இந்த நம்பரைக் கூப்பிடுங்கள்" என்று போன் நம்பரோடு வந்தால் போலி. வாட்ஸ்அப்பின் ஓடிபி மெசேஜில் கூப்பிடச் சொல்லி எந்த நம்பரும் இருக்காது.

படி 1: கையை வைக்காமல் விடுங்கள்

ஓடிபி வந்துவிட்டது என்பதாலேயே கணக்கு போய்விடாது. அந்த ஆறு எண் எதிராளி கைக்குப் போகாதவரை அவரால் உள்ளே வர முடியாது. லிங்கைத் தட்ட வேண்டாம், யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம். சில நேரம் வாட்ஸ்அப்பே உங்கள் போனில் இப்படி ஓர் அறிவிப்பு காட்டும்:

```
WhatsApp registration code requested for your phone number
```

இதுவும் எச்சரிக்கைதான், கணக்கு போய்விட்டது என்று அர்த்தமில்லை.

சிக்கல் அடுத்த ஐந்து பத்து நிமிடத்தில்தான் வரும். தெரிந்தவர் ஒருவரின் கணக்கிலிருந்தே மெசேஜ் வரும்: "அக்கா, என் ஓடிபி தப்பா உங்க நம்பருக்கு வந்துருச்சு, கொஞ்சம் அனுப்புங்களேன்." அவருடைய கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும், எழுதுவது அவர் இல்லை. அந்தக் கதையை ஒரு நிமிடம் யோசித்தாலே உடைந்துவிடும். எந்த நம்பரைப் பதிவு செய்கிறார்களோ அந்த நம்பருக்குத்தான் ஓடிபி வரும். உங்களுக்கு வந்தது உங்கள் கணக்கை மட்டுமே திறக்கும். உண்மையிலேயே ஓர் இலக்கம் தப்பாக அடித்தவருக்கு அந்த ஓடிபியால் காலணா பிரயோஜனம் கிடையாது, தன் நம்பரைச் சரியாக அடித்து மறுபடி கேட்டுக்கொள்வார். உங்களுடையதைக் கேட்கிறார் என்றால் வேண்டியது உங்கள் கணக்குதான். சாதாரண போன் காலில் அந்த நண்பரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், அவருக்கே தெரிந்திருக்காது.

படி 2: இரண்டாவது பூட்டு

வாட்ஸ்அப்பில் `Settings > Account > Two-step verification` போய் ஆறு இலக்கப் பின் நம்பர் ஒன்றை வையுங்கள். இதற்குப் பிறகு எஸ்எம்எஸ் ஓடிபி கிடைத்தாலும் பின் தெரியாமல் உடனே உள்ளே வர முடியாது. பிறந்த தேதி வேண்டாம். மின்னஞ்சல் முகவரி கேட்கும்போது பலர் தவிர்த்துவிடுகிறார்கள், தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பின் மறந்துபோனால் காத்திருக்காமல் மீட்க அதுதான் வழி. நீங்கள் கேட்காமலே பின்னை மாற்றும் லிங்க் மின்னஞ்சலில் வந்தால், அதையும் தட்டாமல் விட்டுவிடுங்கள்.

"ஓடிபி பாதுகாப்பு" என்று ப்ளே ஸ்டோரில் சில ஆப்கள் இருக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை இன்னொரு ஆப்புக்குக் கொடுத்து எஸ்எம்எஸ்ஸைக் காப்பாற்றுவது என்ன கணக்கு? அதைவிட, பூட்டிய திரையில் மெசேஜின் உள்ளடக்கம் தெரியாதபடி போன் அமைப்பில் மாற்றுங்கள். ஹாஸ்டலில், அலுவலகத்தில், போன் ரிப்பேர் கடையில் பக்கத்தில் இருப்பவர் ஓடிபியை எட்டிப் பார்த்தே படித்துவிட முடியும்.

படி 3: கால் ஃபார்வர்டிங் (இங்கேதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்)

சேலத்தில் இருக்கும் என் அத்தையின் வாட்ஸ்அப் போய்விட்டது. ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தார். "யாருகிட்டயும் சொல்லல கண்ணு, மெசேஜ் வந்துச்சு, அப்படியே வச்சிருக்கேன்." அவர் சொன்னது உண்மை. மெசேஜ் போனிலேயே இருந்தது. நம்பரை மறுபடி பதிவு செய்து கணக்கை மீட்டோம். பின் நம்பர் எதுவும் வைக்குமுன் சாப்பிடப் போனோம், திரும்பி வந்தால் மறுபடி வெளியே தள்ளப்பட்டிருந்தது.

காரணம் இதுதான். வாட்ஸ்அப் ஓடிபியை எஸ்எம்எஸ் மூலமாக மட்டும் அனுப்புவதில்லை. எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் போன் காலில் வாசித்துக் காட்டச் சொல்லலாம். திருடன் செய்தது அதைத்தான். அந்தக் கால் அத்தையின் போனுக்கு வரவே இல்லை, நேராக அவனுக்குப் போனது. காலையில் "கூரியர்" என்று ஒருவர் பேசியிருக்கிறார்: "பார்சல் கொண்டு வர்ற பையனோட பேச இந்த நம்பரை டயல் பண்ணுங்கம்மா." டயல் செய்யச் சொன்னது இந்த வடிவம்:

```
**21*பத்து-இலக்க-நம்பர்#
```

இது யாரையும் கூப்பிடுவதில்லை. உங்களுக்கு வரும் எல்லாக் கால்களையும் அந்த நம்பருக்குத் திருப்பிவிடும் கட்டளை. 21-க்குப் பதில் 67 என்றால், உங்கள் லைன் பிஸியாக இருக்கும்போது மட்டும் திருப்பும். அது இன்னும் தந்திரமானது. உங்களிடம் பேசிக்கொண்டே இருப்பான், அந்த நேரத்தில் ஓடிபி கால் வரும், லைன் பிஸி, கால் அவன் கூட்டாளிக்குப் போய்விடும். இந்தியாவில் சில நெட்வொர்க்கில் `*401*` என்று தொடங்கும் கட்டளையும் இருந்தது. இந்த மோசடியால்தான் 2024 ஏப்ரல் 15 முதல் இப்படி டயல் செய்யும் யுஎஸ்எஸ்டி கட்டளைகள் வழி கால் ஃபார்வர்டிங்கை நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. அதற்காக, யாராவது டயல் செய்யச் சொன்னால் இனி பயமில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

கால் ஃபார்வர்டிங் எஸ்எம்எஸ்ஸைத் திருப்பாது, கால்களை மட்டுமே திருப்பும். ஆகவே எஸ்எம்எஸ் ஓடிபி உங்களுக்கு ஒழுங்காக வருகிறது, நீங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை, ஆனாலும் கணக்கு போகிறது, காலையிலிருந்து யாருடைய காலும் வரவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். சோதிக்க இவற்றை ஒவ்வொன்றாக டயல் செய்யுங்கள்:

```
*#21#
*#67#
```

திரையில் வாய்ஸ், டேட்டா, ஃபேக்ஸ் என்று நீளமாக ஒரு பட்டியல் வரலாம், பயப்பட வேண்டாம். வாய்ஸ் என்ற வரியை மட்டும் பாருங்கள். அங்கே தெரியாத பத்து இலக்க நம்பர் இருந்தால் மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். அத்தையின் போனில் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே அடியாக ரத்து செய்ய:

```
##002#
```

பிறகு மறுபடி `*#21#` போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் பக்கத்தில் இருப்பவரை உங்களுக்குக் கால் போடச் சொல்லுங்கள், மணி அடித்தால் சரி.

படி 4: கணக்கு போய்விட்டால் மீட்பது

படி 3-ஐ முடிக்காமல் இங்கே வராதீர்கள். ஃபார்வர்டிங் இருக்கும்வரை அவனும் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருப்பான்.

வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் நம்பரைப் போட்டு, வரும் எஸ்எம்எஸ் ஓடிபியை அடியுங்கள். அடித்தவுடன் எதிராளி வெளியேற்றப்படுவான். இதற்குப் பிறகு, நீங்கள் வைக்காத பின்னை அது கேட்டால் அவன் வைத்துவிட்டான் என்று பொருள். அந்தப் பின் இல்லாமல் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். எரிச்சல்தான், ஆனால் எஸ்எம்எஸ் ஓடிபி அடித்த கணமே அவனும் வெளியே போயாயிற்று, அந்த ஏழு நாளும் அவன் உங்கள் பெயரில் பேசிக்கொண்டிருக்க மாட்டான்.

உள்ளே போனதும் படி 2. சாப்பாடெல்லாம் அதற்குப் பிறகு. `Linked devices` பகுதியில் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள்.

உங்கள் பழைய சாட் அவனுக்குக் கிடைத்திருக்காது, அவை உங்கள் போனிலும் பேக்கப்பிலும்தான் இருக்கின்றன. ஆனால் நீங்கள் இருக்கும் குரூப்கள் எல்லாம் அவன் கண்ணில் பட்டிருக்கும். அங்கே போய் "அவசரமா அஞ்சாயிரம் ஜிபே பண்ணுங்க" என்று கேட்பதுதான் அவன் தொழிலே. அதனால் குடும்பத்தில் ஒருவரிடம் எல்லா குரூப்பிலும் தகவல் போடச் சொல்லுங்கள். யாராவது பணம் அனுப்பியிருந்தால் அனுப்பியவர் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும், `cybercrime.gov.in` தளத்திலும் புகார் கொடுக்கலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு.

பின்சேர்க்கை, கருத்துகளில் வந்தவை

"ஓடிபி கேட்டால் பல மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். திருடன் தப்பான எண்களைப் பலமுறை அடித்துப் பார்த்திருப்பான், அதனால் வாட்ஸ்அப் கதவைச் சாத்திவிடுகிறது. அந்த நேரத்தில் நீங்களும் குருட்டாம்போக்கில் அடித்தால் காத்திருப்பு கூடும். கடிகாரம் முடியட்டும்.

ஃபார்வர்டிங்கும் இல்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை, ஆனாலும் போய்விட்டது என்பவர்கள், சமீபத்தில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வந்த ஏபிகே கோப்பு எதையாவது நிறுவினீர்களா என்று யோசியுங்கள். எஸ்எம்எஸ்ஸைப் படித்து அனுப்பும் ஆப்கள் அப்படித்தான் வருகின்றன. ஆண்ட்ராய்டு அமைப்பில் `Permission manager > SMS` திறந்து, தெரியாத பெயர் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

`*#62#` போட்டதில் அறியாத நம்பர் வருகிறது என்று இருவர் பதறியிருந்தார்கள். போன் அணைந்திருக்கும்போது கால்களை நெட்வொர்க்கின் சொந்த சேவை நம்பருக்குத் திருப்புவது வழக்கம், மிஸ்டு கால் அறிவிப்பு அதனால்தான் வருகிறது. அது உங்கள் நெட்வொர்க்குடையதா என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டுவிடுங்கள். சந்தேகமாகவே இருந்தால் `##002#` போடலாம், மிஸ்டு கால் அறிவிப்பு போகலாம், வேறு நஷ்டமில்லை.