வீடியோ முடியும் இடத்தில் பார்வையாளர் எங்கே போகிறார்? அவுட்ரோவைச் சரிசெய்யும் முறை

யூடியூப் வீடியோவின் கடைசி அரை நிமிடத்தில் பார்ப்பவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. கடைசி நொடிகளில் திரையின் மேல் தோன்றும் எண்ட் ஸ்கிரீனில் நீங்கள் வைத்த வீடியோவைத் தட்டலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால், ஆட்டோபிளே ஆனில் இருக்கும்பட்சத்தில் யூடியூப் தானே அடுத்ததை ஓட்டும். அது உங்கள் வீடியோவாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. இல்லையென்றால் முடிவதற்கு முன்பே எழுந்து போய்விடலாம். பெரும்பாலானவர்கள் மூன்றாவதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் எந்த நொடியில் கிளம்புகிறார்கள் என்று கண்டுபிடித்து, வீடியோவின் முடிவுப் பகுதியான அவுட்ரோவை அதற்கேற்ப வெட்டுவது எப்படி என்பதுதான் இந்த விளக்கம்.

படி 1: சரிவு தொடங்கும் நொடியைப் பிடியுங்கள்

யூடியூப் ஸ்டுடியோவில் ஒரு வீடியோவைத் திறந்து Analytics-க்குப் போனால் Audience retention வரைபடம் கிடைக்கும். கோட்டின் மேல் கர்சரை நகர்த்தினால் எந்த நொடியில் எத்தனை சதவீதம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரியும். முன்பகுதியை இப்போதைக்கு விடுங்கள். கடைசி ஒரு நிமிடத்தில், மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த கோடு சட்டென்று செங்குத்தாக விழும் இடத்தைத் தேடுங்கள்.

அந்த நொடிக்கு வீடியோவை நகர்த்தி, சத்தத்தோடு கேளுங்கள். பெரும்பாலும் அங்கே "சரி நண்பர்களே", "அவ்வளவுதான்", "இந்த வீடியோ உங்களுக்குப் பிடித்திருந்தால்" என்று ஏதாவது ஒன்று இருக்கும். சொல்லே இல்லாமலும் சரிவு வரும்: குரலின் தொனி இறங்கும், முடிவு இசை எழும், கேமரா பின்னால் போகும். வேலை முடிந்தது என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். வீடியோ இன்னும் அரை நிமிடம் ஓடினாலும் அவரைப் பொறுத்தவரை அது முடிந்துவிட்டது.

கோட்டின் கடைசி ஓரிரு நொடிகளில் தெரியும் சரிவு எல்லா வீடியோவிலும் இருப்பதுதான். அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.

படி 2: சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். சைக்கிள் டியூப் பஞ்சர் ஒட்டுவது பற்றி 8:00 நிமிட வீடியோ, 1000 பார்வைகள். 7:22-இல் சக்கரம் மாட்டியாகிவிட்டது. 7:24-இல் "சரி நண்பர்களே" வருகிறது. பிறகு லைக், ஷேர், பெல் பட்டன், நன்றி. எண்ட் ஸ்கிரீன் 7:40-இல் தொடங்கி 8:00 வரை, தட்டினால் இன்னொரு வீடியோவுக்குப் போகும் ஒரே ஒரு வீடியோ எலிமெண்டோடு.

7:22-இல் 41 சதவீதம், அதாவது 410 பேர் இருக்கிறார்கள். 7:40-இல் 17 சதவீதம், 170 பேர். இடையிலிருந்த 18 நொடிகளில் 240 பேர் கிளம்பிவிட்டார்கள். எண்ட் ஸ்கிரீன் அவர்கள் கண்ணில் படவே இல்லை. மிச்சம் இருந்த 170 பேரில் 12 பேர் தட்டினார்கள்.

படி 3: கிளிக் விகிதத்தை நம்பி ஏமாறாதீர்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், கொஞ்சம் நின்று பார்ப்போம். எண்ட் ஸ்கிரீன் அறிக்கையில் ஸ்டுடியோ காட்டும் விகிதம், எலிமெண்ட் எத்தனை முறை காட்டப்பட்டதோ அதில் எத்தனை கிளிக் என்பது. மேலே உள்ள கணக்கில் 170-க்கு 12, ஏறத்தாழ 7 சதவீதம். அந்த எண் நன்றாகத்தான் தெரியும். காரணம், எண்ட் ஸ்கிரீன் வரும்வரை 16 நொடி நன்றியுரையைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே உங்கள் ரசிகர். அவர் எப்படியும் தட்டுவார்.

அதனால் வேறொரு வகுத்தல் போடுங்கள். கிளிக்குகளை, கடைசிப் பயனுள்ள வாக்கியத்தின் போது இருந்த ஆட்களால் வகுக்க வேண்டும். 410-க்கு 12 என்றால் 3 சதவீதம்கூட இல்லை. உங்கள் அவுட்ரோவின் உண்மையான மதிப்பெண் இதுதான். ஸ்டுடியோ இதைத் தானாகக் காட்டாது, நீங்கள்தான் குறித்துவைக்க வேண்டும்.

இப்போது அதே வீடியோவை மாற்றி எடுத்ததாக வைத்துக்கொள்வோம். நன்றியுரை இல்லை. 7:22-இல் எண்ட் ஸ்கிரீன் தொடங்கி 7:34-இல் வீடியோ முடிகிறது. 400 பேர் எலிமெண்டைப் பார்க்கிறார்கள், 20 பேர் தட்டுகிறார்கள். ஸ்டுடியோவில் விகிதம் 7-இலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கும். அடுத்த வீடியோவுக்குப் போனவர்களோ 12-இலிருந்து 20 ஆகியிருக்கிறார்கள். விகிதம் இறங்கிவிட்டதே என்று பழைய அவுட்ரோவுக்குத் திரும்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

படி 4: முடிவை எழுதுங்கள்

எண்ட் ஸ்கிரீன் குறைந்தது 5 நொடி, அதிகம் 20 நொடி இருக்கலாம். வீடியோ குறைந்தது 25 நொடி நீளம் வேண்டும். 5 நொடி எனக்குப் போதவில்லை. தம்ப்நெயிலைக் கவனித்து, தலைப்பைப் படித்து, விரலை நகர்த்துவதற்குள் முடிந்துவிடும். 20 நொடி வைத்தால் அதை நிரப்பச் சொல்ல விஷயம் வேண்டும், அது பெரும்பாலும் நன்றியுரையில் போய் முடிகிறது. 10 முதல் 12 நொடியில் தொடங்குங்கள்.

அந்த 12 நொடியில் என்ன பேசுவது? விடைபெறாதீர்கள், இப்போது முடித்த வேலையிலிருந்தே எழும் அடுத்த சிக்கலைச் சொல்லுங்கள். பஞ்சர் வீடியோவில் இப்படி: "ஒட்டிய மறுநாளே காற்று இறங்கினால் ஒட்டு சரியில்லை என்று நினைப்போம். பல நேரம் குத்திய முள் டயருக்குள்ளேயே இருக்கும். விரலைக் கிழித்துக்கொள்ளாமல் அதை எப்படித் தேடுவது என்று இந்த வீடியோவில் இருக்கிறது." கடைசி வாக்கியம் முடியும்போது வீடியோவும் முடியட்டும். "முடிவாக" என்ற சொல்கூட வேண்டாம்.

நான்கு எலிமெண்ட் வரை வைக்க இடம் உண்டு, ஆனால் வாயால் சொன்ன அந்த ஒரு வீடியோவை மட்டும் தேர்ந்து வையுங்கள். எலிமெண்ட் எந்தப் பக்கம் வரும் என்று முன்பே முடிவுசெய்து, படம் பிடிக்கும்போதே அந்தப் பக்கத்தைக் காலியாக விடுங்கள். இல்லையென்றால் உங்கள் கையும் சக்கரமும் தம்ப்நெயிலுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

படி 5: பழைய வீடியோக்களில் வெட்டுங்கள்

அடுத்த வீடியோவை இப்படி எடுப்பது எளிது. ஏற்கெனவே ஏற்றியவற்றுக்கு ஸ்டுடியோவின் Editor-இல் Trim & cut இருக்கிறது. வால் பகுதியை அங்கே நறுக்கினால் வீடியோவின் முகவரியும் பார்வை எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். சேமித்த மாற்றம் வெளியே தெரியக் கொஞ்ச நேரம் ஆகலாம். அப்புறம் எண்ட் ஸ்கிரீன் எந்த நொடியில் உட்கார்ந்திருக்கிறது என்று கட்டாயம் திறந்து பாருங்கள், நீளம் மாறியதால் அதைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கலாம்.

பார்வை நன்றாக வரும் மூன்று நான்கு வீடியோக்களில் மட்டும் முதலில் செய்யுங்கள். 12-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் ஒரே வீடியோவில் தற்செயலாகவும் வரும். நான்கிலும் ஒரே திசையில் நகர்ந்தால்தான் நம்பலாம். ஒப்பிடும்போது ஒரே வகை வீடியோக்களை ஒப்பிடுங்கள். பஞ்சர் ஒட்ட வழி தேடி வந்தவர் சக்கரம் மாட்டியதும் போனைக் கீழே வைத்துவிட்டு சைக்கிளைத்தான் எடுப்பார். அவரை எந்த அவுட்ரோவும் நிறுத்தாது. சும்மா பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கான வீடியோவின் எண்ணை இதோடு வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பாகிவிடும்.