64 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு

முதலில் 30 மீட்டர் துணியை டிஜிட்டல் பிரிண்டிங்கில் அடித்துக் கொடுத்தோம், குறையே இல்லை. அதே டிசைனுக்கு 4000 மீட்டர் ஆர்டர் வந்ததும், அந்த அளவுக்கு உருளை ஸ்கிரீனைச் சுழற்றி அடிக்கும் ரோட்டரிதான் கட்டுப்படியாகும் என்று நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் போட்டோம். துணியை விரித்தால் குறுக்கே மெல்லிய கோடு. பொடி இலை டிசைன் என்பதால் கிட்டத்தில் தெரியாது, தள்ளி நின்றால்தான் தெரியும்.

துணியைப் பெல்ட்டில் ஒட்டும் பசையை மாற்றினோம், சாயத்தைத் துணியில் அழுத்தும் ஸ்க்வீஜியின் அழுத்தத்தைக் குறைத்தோம், ஒரு ஸ்கிரீனைப் புதிதாகவே செய்தோம். மூன்று நாள் போனது.

அப்புறம்தான் டேப்பை வைத்து அளந்தேன். கோட்டுக்குக் கோடு சரியாக 64 சென்டிமீட்டர், எல்லா நிறமும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. துணி வழுக்கினால் இப்படி ஒரே சீராக வராது. எங்கள் ஸ்கிரீனின் சுற்றளவே 64. ஃபைலில் டிசைன் மறுபடி வரும் நீளம், அதாவது ரிப்பீட், 60. மீதி 4 சென்டிமீட்டரில் டிசைன் மறுபடி தொடங்கி, பாதியில் அறுந்திருக்கிறது. டிஜிட்டல் மெஷினுக்கு ரிப்பீட் எந்த அளவானாலும் ஒன்றுதான், அதனால் சாம்பிளில் இது தெரியவே இல்லை.

டிசைனை 64-க்குப் பெரிதாக்கி, இலை கொஞ்சம் பெரிதாகும் என்பதால் இரண்டு மீட்டர் டிஜிட்டலில் அடித்துக் காட்டி ஒப்புதல் வாங்கி, எல்லா ஸ்கிரீனையும் புதிதாகப் போட்டோம். கோடு போய்விட்டது.