கேள்விப் பட்டியலே கருப்பொருளாகிவிடும் பிழை

முதல் ஆய்வேட்டுக்காக எட்டுப் பத்து நேர்காணல்களை எழுத்தாக்கி முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். இரவுப் பணி செவிலியர்களைப் பற்றிய ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். முடிவில் ‘சிரமங்கள்’, ‘குடும்ப ஆதரவு’, ‘எதிர்பார்ப்புகள்’ என மூன்று கருப்பொருள்கள், அதாவது பல பதில்களை இணைக்கும் பொதுக் கருத்துகள், வந்திருக்கும். நேர்காணலுக்குக் கொண்டுபோன கேள்விப் பட்டியலைப் பிரித்தால் அதிலும் இதே மூன்று தலைப்புகள்தான். பதில்களைக் கேள்விவாரியாக அடுக்கியதோடு வேலை நின்றுவிட்டது. கருப்பொருள் பகுப்பாய்வை 2006-இல் ஆறு கட்டங்களாக வகுத்துக் காட்டிய வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் அந்தக் கட்டுரையிலேயே இந்தப் பிழையைச் சுட்டியிருக்கிறார்கள்.

பிழையின் வேர் குறியீடு இடும்போதே, அதாவது பதிலின் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் அதன் பொருளைச் சில சொற்களில் குறிக்கும்போதே, இருக்கிறது. ஒரு செவிலியர் இப்படிச் சொல்கிறார் என்று கொள்வோம்: “ரெண்டு மணிக்கு மேல டாக்டரை எழுப்பப் பயமா இருக்கும். இதுக்கெல்லாமா கூப்பிடுவேன்னு கேப்பாங்க. நானே பத்து நிமிஷம் பாத்துட்டுத்தான் போன் பண்ணுவேன்.” அவசரத்தில் பக்கத்தில் ‘பயம்’ என்று எழுதிவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்து அந்தச் சொல்லை மட்டும் பார்த்தால் யாருக்கு, எதைக் கண்டு பயம் என்பது தெரியாது. இருட்டில் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் பயமும் அதே குறியீட்டில் வந்து விழும். ‘திட்டுக்கு அஞ்சி டாக்டரை அழைக்கத் தாமதித்தல்’ என்று எழுதினால் மூலத்தைப் பார்க்காமலே பொருள் விளங்கும். குறியீடு சரியா என்று பார்க்க அதுவே போதுமான சோதனை.

இப்படிக் குறியிட்டால், வேறு கேள்விகளுக்கு வந்த பதில்களும் இதனோடு சேரத் தொடங்கும். குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோது ஒருவர், “மாமியாரைக் குழந்தையைப் பாத்துக்கச் சொன்னா அப்புறம் பேச்சு கேக்கணும்” என்றிருப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ‘உதவி கேட்டால் பேச்சு வாங்க வேண்டும்’ என்ற கருப்பொருள் எழும். தரவைப் பற்றி அது ஒரு கருத்தைச் சொல்கிறது, ‘சிரமங்கள்’ எதையும் சொல்வதில்லை.

ஆனால் இந்த இரண்டு மேற்கோள்களோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தக் கருப்பொருளின் கீழ் வந்த மேற்கோள்கள் எல்லாவற்றையும், எத்தனையாவது நேர்காணல், எந்த வரி என்ற எண்ணோடு, ஒரே தாளில் தொகுத்து ஒரே மூச்சில் படிக்க வேண்டும். எல்லாம் ஒரே ஆளிடமிருந்து வந்திருந்தால் அது அவருடைய அனுபவம் மட்டும்தானா என்று மற்ற எழுத்துப்படிகளில் தேடுங்கள். கூச்சமில்லாமல் டாக்டரை எழுப்புகிற செவிலியர் ஒருவர் இருந்தால், பலர் அவரை ஒதுக்கிவிடுகிறார்கள். அவருக்கு மட்டும் அது ஏன் முடிகிறது என்று பார்த்தால்தான் கருப்பொருளின் எல்லை பிடிபடும்.

தமிழில் பேசியதை ஆங்கிலமாக்கிவிட்டுக் குறியிடுவது இன்னொரு இழப்பு. ‘பேச்சு கேட்கணும்’ என்பதில் உள்ள அவமானம் மொழிபெயர்ப்பில் வெறும் விமர்சனமாகச் சுருங்கிவிடும். தமிழ் எழுத்துப்படியிலேயே குறியிட்டு, ஆய்வேட்டில் சேர்க்கும் மேற்கோள்களை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும்.