வளைவில் பிரேக் ஏன் பத்தாமல் போகிறது?

மலைப்பாதையில் இறங்கும்போது இதை மனதில் வையுங்கள். டயருக்குச் சாலையில் இருக்கும் பிடிப்பு ஓரளவுதான், திரும்புவதும் நிற்பதும் அதையே பங்குபோட்டுக்கொள்கின்றன. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவு, காய்ந்த தார்ச்சாலை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் பிரேக்குக்கு ஏறத்தாழ 80 சதவீதப் பிடிப்பு மிஞ்சும், 50-க்கு ஏற்றினால் அது 40 சதவீதமாகச் சரிந்துவிடும். திரும்பத் தேவைப்படும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதுதான் காரணம். அதனால் வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சரி, பாரம்? எடை கூடினால் டயரின் பிடிப்பும் கூடும், ஆனால் பிரேக் அப்படியேதான் இருக்கிறது. 1,000 கிலோ கார் ஆளும் சாமானுமாக 1,400 கிலோ ஆனால், அதே வேகத்தில் நிறுத்த 40 சதவீதம் கூடுதல் ஆற்றலை பிரேக் வெப்பமாக மாற்றியாக வேண்டும். இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி வலுவிழக்கும், நிற்கும் தூரம் நீண்டுகொண்டே போகும். இரண்டாவது கியரில் இறங்குங்கள். கருகல் வாடை வந்தாலோ பெடல் மெத்தென்று உள்ளே போனாலோ, பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி பிரேக் ஆறும்வரை நில்லுங்கள், சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றவே கூடாது.