சுரோஸ் எண்ணெயில் வெடிப்பது ஏன்? உள்ளே மாவாக நிற்பது ஏன்?

சுரோஸ் என்பது மாவை நீளமாகப் பிழிந்து எண்ணெயில் பொரிக்கும் பலகாரம். ஸ்பெயினின் மத்ரித் நகரில் கெட்டிச் சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிடும் சுரோஸுக்கு மைதா, தண்ணீர், உப்பு மூன்றும் போதும். முட்டையும் வெண்ணெயும் சேர்க்கும் வகைகள் வேறு நாடுகளில் உண்டு. அவற்றில் நட்சத்திர ஓட்டையில் பிழிவதால் மேலே விழும் வரி சீக்கிரம் மழுங்கிவிடும் என்பதால் இங்கே எடுத்துக்கொள்வது ஸ்பெயின் முறையைத்தான். அளவு 250 கிராம் மைதா, 250 மில்லி தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு.

பெரும்பாலான தவறுகள் எண்ணெய் காய்வதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. முதலாவது, தண்ணீர் கொதிக்காமல் ஊற்றுவது. கொழுக்கட்டைக்கு அரிசி மாவில் கொதிநீர் விடுவதன் காரணம்தான் இங்கும். சூட்டில் மாவின் ஸ்டார்ச் ஊதி, தண்ணீரைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும். கோதுமை ஸ்டார்ச்சுக்கு அதற்கு 60 டிகிரிக்கு மேல் வேண்டும். தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை விட்டால் கலவை 80 டிகிரியை ஒட்டி நிற்கும். அடுப்பை அணைத்து, தண்ணீர் 80 டிகிரிக்கு இறங்கிய பிறகு விட்டால் கலவை 65ஐத்தான் தொடும். குளிர்ந்த பாத்திரம் அதிலும் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட மாவு கையில் ஒட்டும், பிழிந்த வரி எண்ணெயில் விழுந்ததும் தளர்ந்து மறையும். அதனால் மைதாவைச் சலித்துப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டு, கொதிநீரை ஒரே தடவையில் ஊற்றுங்கள். மரக்கரண்டியால் உலர்ந்த மாவு மறையும் வரை மட்டும் கிளறினால் போதும். சப்பாத்தி மாவைப் போல நெடுநேரம் பிசைந்தால் மாவு ரப்பராக இழுக்கும்.

கலவை தளர்வாகத் தெரிந்தால் மாவும், கெட்டியாகத் தெரிந்தால் தண்ணீரும் உடனே சேர்க்கத் தோன்றும். பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிறகு பாருங்கள், அதற்குள் கலவை இறுகிச் சீராகிவிடும். சரியான மாவு கெட்டியாக இருக்கும், அழுத்திப் பிழிய வலு வேண்டும். கேக் அலங்கரிக்கும் மெல்லிய பை இதற்குத் தாங்காது, கிழியும். நம் வீட்டு முறுக்கு நாழியும் அதில் வரும் ஒற்றை நட்சத்திரத் தட்டும் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம். ஸ்பெயினில் பயன்படுத்தும் பிழிகருவியும் இதே அமைப்புதான்.

நட்சத்திர ஓட்டை அழகுக்காக மட்டும் இல்லை. வட்ட ஓட்டையில் பிழிந்தால் வழுவழுப்பான மேல்தோல் ஒரே சீராக இறுகிவிடும். உள்ளே நீராவி அழுத்தம் ஏற ஏறப் போக வழியின்றி, ஏதாவது ஓரிடத்தில் தோலைப் பிளந்துகொண்டு வரும். கொதிக்கும் எண்ணெய் முகத்தில் தெறிக்கும் விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன. வரிகள் இருந்தால் மேற்பரப்பு கூடும், நடுப்பகுதி வெளியிலிருந்து குறைந்த ஆழத்தில் இருக்கும், சூடு விரைவாகப் போய்ச்சேரும். ஓட்டை ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

வெடிப்புக்கு இன்னொரு காரணம் மாவுக்குள் அடைபட்ட காற்று. நாழிக்குள் மாவைத் துண்டு துண்டாகப் போடாதீர்கள். நீள உருளையாக்கி, உள்ளே இறக்கி, அழுத்தி, முதல் சில சென்டிமீட்டர் பிழிந்ததை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பிழியும்போது 'படக்' என்று சத்தம் கேட்டால் அந்தத் துண்டில் காற்றுப்பை இருக்கிறது. அதை எண்ணெயில் போடாமல் மாவோடு திரும்பச் சேர்த்துவிடுங்கள். மெலிந்த சுரோஸுக்குச் சோடா மாவும் பேக்கிங் பவுடரும் இதனால்தான் வேண்டாம். சோடா சேர்ப்பது 'போராஸ்' என்ற தடித்த, மென்மையான வகைக்கு. அதன் மாவே தளர்வானது.

எண்ணெய்க்கு 180 முதல் 190 டிகிரி. 200ஐத் தாண்டினால் ஒரு நிமிடத்தில் மேலே சிவந்து, நடுவில் வெள்ளைக் கோடாகப் பச்சை மாவு நிற்கும். 170க்குக் கீழே போனால் தோல் இறுகத் தாமதமாகும், வரிக்குள் எண்ணெய் தேங்கி மென்மையாகிவிடும். ஒரு லிட்டர் எண்ணெயில் விரல் நீளத் துண்டுகள் நான்குக்கு மேல் போட்டால் சூடு சட்டென்று இறங்கும். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் குமிழிகளைக் கவனிப்பது நம்பகமானது. தொடக்கத்தில் வேகமாகக் கொதித்த குமிழி அடங்கி, சத்தம் மெலிந்தால் ஈரம் குறைந்துவிட்டது என்று பொருள். ஒரு பக்கம் திடீரென்று புடைத்தால் தீயை அணைத்துவிட்டுச் சட்டியை விட்டு விலகுங்கள். குத்தப் போகாதீர்கள்.

மாவிலேயே சர்க்கரை சேர்ப்பது உள்ளே வேகும் முன்பே நிறம் ஏறவைக்கும். சர்க்கரை வேண்டுமென்றால் எடுத்த சூட்டோடு மேலே தூவுங்கள். முதல் துண்டை எடுத்ததும் உடைத்துப் பாருங்கள். நடுவில் சிறு துளைகளும் லேசான ஈரமும் இருந்தால் சரி, பசைபோல் இழுத்தால் அடுத்த ஈட்டை ஐந்து டிகிரி குறைத்து, அரை நிமிடம் கூட்டுங்கள். எடுத்தவற்றைக் கம்பித் தட்டில் பரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடினால் அவற்றின் நீராவியே மொறுமொறுப்பைப் பத்து நிமிடத்தில் கெடுத்துவிடும்.