உச்சத்துக்குப் பின் கலங்கிய சிறுநீர்: பலரும் சறுக்கும் இடங்கள்

உடலுறவிலோ சுய இன்பத்திலோ ஆணுக்கு உச்சம் வழக்கம்போல வருகிறது. ஆனால் வெளியே ஒன்றிரண்டு துளிதான், சிலருக்கு அதுவும் இல்லை. அடுத்து சிறுநீர் கழிக்கும்போது பால் கலந்தாற்போல வெளுத்திருக்கிறது, இழை இழையாக ஏதோ மிதக்கிறது. விந்து காணாமல் போகவில்லை, வழி மாறிவிட்டது.

சிறுநீர்ப்பையின் கழுத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. விந்து சிறுநீர்க் குழாய்க்குள் இறங்கும் நொடியில் அது இறுக மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் விந்து எளிதான பக்கம் போகும், அதாவது பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள். இதுதான் பின்னோக்கிய விந்து வெளியேற்றம். அதனால் உடம்புக்குக் கேடில்லை, அடுத்த சிறுநீரோடு வெளியேறிவிடும். கவலைப்பட வேண்டியவை இரண்டு: அந்தத் தசை ஏன் மூடவில்லை என்பதும், குழந்தை வேண்டுமா என்பதும். நீண்ட நாள் சர்க்கரை நோயில் நரம்பு பழுதாவது, புராஸ்டேட் அறுவை, முதுகுத்தண்டு காயம், சில மாத்திரைகள் ஆகியவை வழக்கமான காரணங்கள்.

கலங்கல் என்றதும் ஆன்டிபயாடிக்

உச்சத்துக்குப் பிறகு மட்டும் கலங்கி, மற்ற நேரமெல்லாம் தெளிவாக இருந்தால் அதைத் தொற்று என்று எடுத்துக்கொள்ள முகாந்திரம் இல்லை. எரிச்சல், காய்ச்சல், அடிக்கடி போகும் உந்துதல், ரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கதை வேறு. அப்போது சிறுநீரை கல்ச்சர் செய்து பார்க்க வேண்டும்.

அறிக்கையில் பூஜ்யம், அதனால் விந்தணுவே இல்லை

மற்றத் தவறுகளைத் திருத்திக்கொள்ளலாம். இது வருடங்களைத் தின்கிறது, தேவையில்லாத ஊசியும் கத்தியும் விதையில் படவைக்கிறது. இன்றும் நடக்கிறது என்பதுதான் எரிச்சல்.

34 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. குழந்தைக்காகப் பரிசோதனைக்குப் போகிறார். விந்தின் அளவு 0.3 மி.லி., விந்தணு பூஜ்யம். மறுபடி கொடுக்கிறார், அதே முடிவு. 'உற்பத்தியே இல்லை போலிருக்கிறது, விதையில் ஊசி போட்டு எடுத்துப் பார்ப்போம்' என்கிறார்கள். வீட்டில் தானம் பெற்ற விந்தணு பற்றிய பேச்சும் தொடங்கிவிடுகிறது.

அந்த அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டிய எண் பூஜ்யம் அல்ல, 0.3. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் விந்து அளவின் கீழ் எல்லை 1.4 மி.லி. விந்தின் பெரும்பகுதி விதையிலிருந்து வருவதே இல்லை, விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரப்பது. விதை முற்றிலும் செயலிழந்தாலும் ஹார்மோன் சரியாக இருந்தால் அளவு இப்படிச் சரியாது. அளவே குறைந்திருக்கிறது என்றால் வேறு கேள்விகள் எழ வேண்டும். மாதிரியில் பாதி கீழே சிந்திவிட்டதா? ஆண் ஹார்மோன் குறைவா? விந்து வரும் நாளம் அடைபட்டிருக்கிறதா, பிறவியிலேயே இல்லையா? அல்லது பின்னால் போய்விட்டதா? கடைசிக் கேள்விக்கு விடை சொல்லும் சோதனைக்கு ஒரு கிண்ணமும் நுண்ணோக்கியும் போதும். அதைச் செய்யாமல் ஊசியை எடுப்பதற்கு நியாயமே கிடையாது.

செய்முறை இப்படி. முதலில் சிறுநீரை முழுதாகக் கழித்துவிட வேண்டும். பிறகு சுய இன்பத்தில் உச்சம் எய்தி, வெளியே வருவதை ஒரு கிண்ணத்தில் பிடிக்க வேண்டும், ஒரு துளியானாலும். உடனே, சில நிமிடங்களுக்குள், வேறொரு கிண்ணத்தில் முழுச் சிறுநீரையும் கழிக்க வேண்டும். ஆய்வகத்தில் அதைச் சுழற்றி, அடியில் தங்குவதை 400 மடங்கு பெருக்கத்தில் பார்ப்பார்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முன்கூட்டியே சிறுநீர் கழிக்காதவருக்குச் சிறுநீர்ப்பையில் நிறைய நீர் நின்று, விந்தணு அதில் கலந்து அடர்த்தி குறைந்துவிடும். வீட்டில் பிடித்து ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுபோனால் அமிலச் சிறுநீரில் அவை செத்திருக்கும். இருக்கிறதா என்று மட்டும் பார்க்கப் பரவாயில்லை, பயன்படுத்த ஆகாது. மூன்றாவது சீட்டு. வெறுமனே 'சிறுநீர்ப் பரிசோதனை' என்று எழுதிக் கொடுத்தால் சீழ் செல், சர்க்கரை, புரதம் என்று வழக்கமான அறிக்கை வரும், விந்தணுவை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். 'உச்சத்துக்குப் பின் எடுத்த சிறுநீர், விந்தணு தேடவும்' என்று எழுதியிருக்க வேண்டும்.

முடிவைப் படிப்பதிலும் நிதானம் வேண்டும். குழாயில் ஒட்டியிருந்தது கழுவப்படுவதால் எந்த ஆணின் சிறுநீரிலும் சில விந்தணு தென்படும். நம் 34 வயதுக்காரருக்கோ ஒவ்வொரு பார்வைப் புலத்திலும் பத்துக்கு மேல் எண்ண முடிகிறது, வெளியே வந்த துளியில் ஒன்றுகூட இல்லை. சந்தேகத்துக்கு இடமில்லை. விதை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, பழுது நரம்பில்.

சிறுநீரிலும் எதுவும் இல்லாவிட்டால்? அப்போதுதான் அடைப்பைத் தேட வேண்டும். விந்தில் அமிலத்தன்மை, ஃபிரக்டோஸ் என்னும் சர்க்கரை இல்லாமை இரண்டும் சேர்ந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கும். விந்து சுரந்து வெளித்தள்ளப்படவே இல்லை என்ற வாய்ப்பும் உண்டு. அப்படிப்பட்டவருக்குச் சிறுநீர் தெளிவாகவே இருக்கும்.

மாத்திரையைத் தானாக நிறுத்துவது

புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின், சைலோடோசின் இரண்டும் சிறுநீர்ப்பைக் கழுத்தைத் தளர்த்தித்தான் சிறுநீரை எளிதாக்குகின்றன. விந்து குறைவது அதே செயலின் மறுபக்கம், சைலோடோசினில் இது அதிகம். நிறுத்தினால் பொதுவாகத் திரும்பிவிடும். ஆனால் சொல்லாமல் நிறுத்தியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டு, நள்ளிரவில் குழாய் போட ஓட வேண்டி வரலாம். விந்து குறைந்ததை மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். மனநலத்துக்கான சில மாத்திரைகளும் இதைச் செய்யும். அவற்றுக்கும் இதே எச்சரிக்கை.

விந்து வரவில்லை, இனி ஆணுறை எதற்கு

ஒரு துளியிலும் விந்தணு இருக்கலாம். தொற்றுக்கு விந்தே தேவையில்லை.

உச்சத்தில் ஆணுறுப்பின் அடிப்பக்கத்தை அழுத்திப் பிடிப்பது

இதைக் கருத்தடை என்று நம்புகிறவர்கள் விந்தைப் பின்னால் தள்ளுகிறார்கள், கொஞ்சம் முன்னாலும் வருகிறது.

மூக்கடைப்பு மாத்திரைதானே என்று விழுங்குவது

மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் சிறுநீர்ப்பைக் கழுத்தின் சுருக்குத் தசையை இறுக்கும், அதனால்தான் விந்து பின்னால் போவதற்கும் தருகிறார்கள். 60 மி.கி. ஒரு வேளை அளவு. மனச்சோர்வுக்குத் தரும் இமிப்ரமின் என்றால் நாளுக்கு 25 முதல் 75 மி.கி. இரண்டும் இந்த நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்டவை அல்ல, மருத்துவர் தன் பொறுப்பில் எழுதுபவை. ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் ஏறும், அதனால் இதய நோய் உள்ளவர்களும் அழுத்தம் கட்டுப்படாதவர்களும் தொடக் கூடாது. தொடர்ந்து எடுத்தால் பலன் மங்கும். எனவே கரு தரிக்கும் நாட்களை ஒட்டி மட்டும் எடுப்பது வழக்கம். சர்க்கரையால் நரம்பு தளர்ந்தவர் எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை, அதை உறுதி என்று யாரும் சொல்லக் கூடாது. புராஸ்டேட் அறுவையில் கழுத்துத் தசையே அறுபட்டவருக்கு மாத்திரை உதவாது, இறுகுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

மாத்திரை பலிக்காவிட்டாலும் சிறுநீரிலிருந்தே விந்தணுவை மீட்க முடியும். சிறுநீரின் அமிலமும் உப்பின் செறிவும் அவற்றைக் கொல்வதால், கருத்தரிப்பு மையம் சொல்லும் அளவில் முந்தின இரவும் அன்று காலையும் சோடியம் பைகார்பனேட் குடித்துச் சிறுநீரைக் காரமாக்குவார்கள். சிறுநீரகக் கோளாறோ ரத்த அழுத்தமோ உள்ளவர் அதை முன்னமே சொல்லிவிட வேண்டும், உப்பு ஏறும். உச்சத்துக்கு முன் கழித்துவிட்டு, பின் கழிப்பதை மையத்திலேயே கொடுத்தால் உடனே சுழற்றி, கழுவி, ஊட்ட திரவத்தில் எடுத்து வைப்பார்கள். உயிருள்ளவை நிறையக் கிடைத்தால் கருப்பையில் செலுத்துவார்கள். குறைவாக இருந்தால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு விந்தணுவை ஊசியால் ஏற்றுவார்கள்.