எழுந்து நிற்க முடியாத நோயாளியின் உயரம்: முழங்காலில், முன்கையில் அளக்கும்போது நடக்கும் தவறுகள்

படுக்கையில் இருக்கிற நோயாளியின் உயரம் என்ன என்று கேட்டால், பாதி வார்டுகளில் சொந்தக்காரர்கள் சொன்னதைத்தான் எழுதிவைத்திருப்பார்கள். "அம்மா அஞ்சே ரெண்டு இருப்பாங்க சார்." அது அந்த அம்மாவின் கல்யாணக் காலத்து உயரமாகக்கூட இருக்கலாம், யாரும் ஸ்கேல் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பழைய கேஸ் ஷீட்டில் நிற்க வைத்து அளந்த உயரம் இருந்தால் அதை எடுப்பதுதான் நல்லது. இல்லாவிட்டால் முழங்கால் உயரம் அல்லது அல்னா நீளம், அதாவது முன்கையில் சுண்டுவிரல் பக்கம் ஓடும் எலும்பின் நீளம், இவற்றிலிருந்து கணக்குப் போடுகிறோம். கணக்கு சுலபம். தப்பு நடப்பது பெரும்பாலும் அதற்கு முன்னால், டேப்பை எங்கே வைக்கிறோம், யாருக்கான சூத்திரத்தை எடுக்கிறோம் என்பதில்தான்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டே பேசலாம். 72 வயதுப் பெண், பக்கவாதம், ஐசியூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். முழங்கால் உயரம் 44 செ.மீ., அல்னா 23.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முழங்காலுக்குப் பரவலாகப் பயன்படுவது 1985-ல் சம்லீ குழுவினர் 60 முதல் 90 வயது வரையிலான அமெரிக்க முதியவர்களுக்காகக் கொடுத்த சூத்திரம்:

```
பெண்: உயரம் = 84.88 − (0.24 × வயது) + (1.83 × முழங்கால் உயரம்)
ஆண்:  உயரம் = 64.19 − (0.04 × வயது) + (2.02 × முழங்கால் உயரம்)
```

நம் நோயாளிக்கு 84.88 − 17.28 + 80.52, ஆக 148 செ.மீ. தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கம் எழுதுவதில் அர்த்தமே இல்லை. தனி ஒருவருக்குப் போட்டுப் பார்க்கும்போது இந்தச் சூத்திரம் இரண்டு பக்கமும் 8 செ.மீ. வரைகூட விலகலாம்.

இப்போது அளக்கும் விதம். நோயாளி மல்லாந்து படுத்திருக்க, இடது காலை எடுத்து, முழங்காலையும் கணுக்காலையும் 90 பாகையில் மடக்க வேண்டும். அகலத் தகடு உள்ள கேலிப்பர் இருந்தால் ஒரு தகடு குதிகாலுக்கு அடியில், இன்னொன்று முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே, தொடையின் முன்பக்கத்தில். நடுத்தண்டு கெண்டைக்கால் எலும்புக்கு இணையாக, வெளிப்பக்கக் கணுக்கால் மொட்டுக்கு மேலாகப் போக வேண்டும். தகட்டை லேசாக அழுத்திச் சதையை அமுக்கிவிட்டுத்தான் அளவைப் படிக்க வேண்டும். இரண்டு தடவை எடுத்து, இரண்டும் அரை சென்டிமீட்டருக்குள் இருந்தால் சரி, இல்லையென்றால் மறுபடியும்.

கேலிப்பர் எல்லா இடத்திலும் கிடையாது, இன்ச் டேப்தான். அதிலும் தவறில்லை, ஆனால் டேப் நேராக நிற்க வேண்டும், காலோடு ஒட்டி வளையக் கூடாது. காலையில் ஒரு நர்ஸ் சில்லுக்கு மேலிருந்து அளப்பார், மதியம் வேறொருவர் சில்லின் நடுவிலிருந்து அளப்பார், 2 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். அது உயரத்தில் 2 செ.மீ. இல்லை, 1.83-ஆல் பெருகி கிட்டத்தட்ட 3.7 செ.மீ. பக்கவாத நோயாளிக்குப் பாதம் கீழ்நோக்கித் தொங்கியிருக்கும், அதை மேலே தள்ளிப் பிடிக்காமல் அளந்தால் குதிகாலடியில் தகடு சரியாக உட்காராது. மூட்டு இறுகிப்போய் 90 பாகைக்கு மடங்கவே மடங்காதவரிடம் வலுக்கட்டாயம் வேண்டாம், முன்கைக்குப் போய்விடலாம்.

அல்னாவில் பெருக்கம் இன்னும் அதிகம், 1 செ.மீ. பிசகினால் உயரத்தில் 3 செ.மீ.க்கு மேல் போகும். முடிந்தவரை இடது கை, மார்புக்குக் குறுக்கே மடக்கி, விரல்கள் எதிர்த்தோளைப் பார்க்க, உள்ளங்கை மார்பில் படிய வைக்க வேண்டும். முழங்கையின் கூர்முனையிலிருந்து, மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்தி நிற்கும் எலும்பின் நடுப்புள்ளி வரை. பலர் செய்யும் தவறு மணிக்கட்டு ரேகை வரை இழுத்துவிடுவது, அல்லது எலும்பின் மேட்டைத் தாண்டிப் போய்விடுவது. வென்ஃப்ளான் பிளாஸ்திரிக்கு மேலேயே டேப்பை ஓட்டுவதும், நீர் கோத்து வீங்கிய கையில் டேப்பை வளைய விடுவதும் உண்டு. வேறு கை இருக்கும்போது அந்தக் கை எதற்கு?

சரி, அளவு சரியாகவே வந்துவிட்டது. ஊட்டக்குறைவைக் கண்டறிய பிரிட்டனில் புழங்கும் 'மஸ்ட்' முறையின் அட்டவணையில் அல்னா 23.5-க்கு, 65 வயதுக்கு மேற்பட்ட பெண் என்ற வரிசையில் பார்த்தால் 156 செ.மீ. முழங்கால் 148 சொன்னது! அவசரத்தில் 65 வயதுக்குக் கீழ் என்ற வரிசையைப் பார்த்துவிட்டால் 161. ஒரே பெண்மணி, ஒரே நாள், மூன்று உயரம்.

இது ஏன் முக்கியம் என்றால் வென்டிலேட்டரில் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்பதை நோயாளியின் நிஜ எடையை வைத்து முடிவு செய்வதில்லை, உயரத்திலிருந்து கணித்த எடையை வைத்துத்தான். பெண்களுக்கு 45.5 + 0.91 × (உயரம் − 152.4). 148-க்கு அது 41.5 கிலோ, கிலோவுக்கு 6 மி.லி. என்றால் மூச்சுக்கு 250 மி.லி. 161 என்று எழுதியிருந்தால் 53 கிலோ, 320 மி.லி. நிஜ உயரம் 148 ஆக இருந்தால், 6 என்று நினைத்துக்கொண்டு கிலோவுக்கு 7.7 மி.லி. கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் எதை நம்புவது? இந்த நோயாளியிடம் நான் முழங்காலை எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் வயது அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது, பெருக்கமும் குறைவு. அல்னா அட்டவணையில் இன்னொரு சிக்கல், பிரிட்டனில் ஆசியப் பெண்களை அளந்து பார்த்தபோது அது உயரத்தைக் கூட்டிக் காட்டுவது தெரிய வந்தது. சம்லீ சூத்திரமும் நம் ஆட்களை அளந்து செய்ததில்லை என்பது நிஜம்தான், அதனால் இரண்டு வழியிலும் அளந்து பார்த்து, 5 செ.மீ.க்கு மேல் விலகினால் முதலில் டேப்பைச் சந்தேகப்பட்டு மறுபடி அளப்பது என் பழக்கம். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுப்பது மட்டும் வேண்டாம், ஒன்று தவறாக இருந்தால் சராசரியும் தவறுதான்.

வயதைப் பற்றி இன்னொன்று. கூன் விழுந்திருக்கிறதே, வயதானவராயிற்றே என்று கணக்கில் வந்த உயரத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரைக் கையால் குறைப்பவர்கள் உண்டு. வயதுக்கான கழிவு ஏற்கெனவே சூத்திரத்தில் இருக்கிறது, மறுபடி கழித்தால் இரட்டைக் கழிவு.

எந்தக் கால் என்பதையும் யோசிக்க வேண்டும். 60 வயதில் வந்த பக்கவாதம் எலும்பின் நீளத்தைக் குறைக்காது, எனவே விழுந்த பக்கத்தில் அளந்தாலும் பரவாயில்லை. சின்ன வயதில் போலியோ வந்த கால் அப்படியில்லை, வளர்ச்சியே நின்று குட்டையாக இருக்கும். நம் ஊர் முதியவர்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், படுக்கையில் போர்வைக்குள் இருக்கும்போது கவனத்துக்கு வராது. இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு நல்ல காலை அளந்தால் போதும். எலும்பு முறிந்து சேர்ந்த காலுக்கும் இதே கதைதான். குழந்தைகளுக்கு இந்தச் சூத்திரங்கள் எதுவும் பொருந்தாது, அவர்களுக்கு வேறு சூத்திரம்.

கேஸ் ஷீட்டில் வெறும் "உயரம் 148" என்று எழுதிவிடாதீர்கள். அடுத்த மாதம் டயட்டீஷியன் பிஎம்ஐ போட வரும்போது அல்னாவை அளந்து 156 எழுதுவார், எடை 40 கிலோவிலேயே நின்றிருந்தாலும் பிஎம்ஐ 18.3-லிருந்து 16.4 ஆகிவிடும், ஊட்டம் குறைந்துவிட்டது என்று எல்லாரும் ஓடுவார்கள். "148, கணிப்பு, இடது முழங்கால் 44, சம்லீ" என்று எழுதினால் அடுத்து வருபவரும் அதே காலை அதே இடத்தில் அளப்பார்.